எண்பது கிராம்

"ஆறு கிலோ முந்நூத்தி எம்பது" என்று சொல்லிவிட்டு, அங்கன்வாடி டீச்சர் ஸ்டெல்லா அட்டையைத் திருப்பிப் பார்த்தாள். முகம் கொஞ்சம் சுருங்கியது. "போன தடவ தடுப்பூசி போடறப்ப ஆறு முந்நூறு. நாலு வாரத்துல எம்பது கிராம்தான் ஏறியிருக்கான் செல்வகுமாரி."

புதிதாக வந்திருந்த டிஜிட்டல் தராசில் ஒட்டுத் துணியில்லாமல் படுத்திருந்த நாலு மாதத் தணிகைவேல், தன் கட்டைவிரலை வாயில் திணித்துக்கொண்டு சிரித்தான்.

எண்பது கிராம் என்றால் எவ்வளவு என்று செல்வகுமாரிக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. சேதராப்பட்டுப் பக்கம் ஒரு பிஸ்கட் கம்பெனியில் அவளுக்கு வேலை. கடைசி பெல்ட்டில், எடை பார்க்கும் இடத்தில் நிற்பவள். பிரசவ லீவுக்கு முந்தின நாள் வரைக்கும் எண்பது கிராம் பாக்கெட்டுகள் ஆயிரக்கணக்கில் அவள் கண் முன்னால் ஓடிக்கொண்டிருந்தன. நாலு வாரம் ராப்பகலாகப் பால் கொடுத்து, பிள்ளை ஏறியது ஒரு சின்ன பிஸ்கட் பாக்கெட்.

"பயப்படாத. கவர்மெண்ட் ஆஸ்பத்திரி டாக்டர்ட்ட ஒரு தடவ காட்டிடு" என்றாள் ஸ்டெல்லா.

அதை மட்டும் செய்திருந்தால் இந்தக் கதையே இல்லை. செல்வகுமாரி வீட்டுக்குப் போய் விஷயத்தைச் சொன்னாள்.

ஏம்பலத்தில் அவர்கள் வீட்டுக்கும் நாத்தனார் தனக்கொடி வீட்டுக்கும் நடுவில் ஒரு வேலிதான். வேலியிலும் ஓர் ஆள் நுழையும் அளவுக்கு வழி உண்டு. தனக்கொடி மூன்று ஆண் பிள்ளைகளை வளர்த்தவள். மூன்றும் தென்னை மரம் போல நிற்கின்றன. எந்தப் பேச்சையும் அந்த மூன்று மரங்களைக் காட்டித்தான் முடிப்பாள்.

"நான் அன்னிக்கே சொன்னன்" என்று ஆரம்பித்தாள். "உன் பாலு தண்ணியா இருக்குதுடி. புள்ளைக்கு எங்க ஒட்டும்? கேவுரு கஞ்சி காச்சி ஊத்து. என் பசங்களுக்கு மூணாம் மாசமே ஊத்தினன். பாரு எப்டி நிக்கறானுங்க."

"ஆறு மாசம் வரைக்கும் தாய்ப்பால் தவிர எதுவும் குடுக்கக் கூடாதாம் அண்ணி. தண்ணி கூட."

"யாரு சொன்னா? அந்தத் தராசா?" தனக்கொடி குழந்தையைத் தூக்கி இடுப்பைத் தடவினாள். "அரைஞாணக் கழட்டின அன்னியிலருந்துதான் புள்ள எடை எறங்கிப்போச்சி. கையில காப்பு இல்ல, கால்ல தண்டை இல்ல. மொழுக்குனு கெடந்தா கண்ணு படாம இன்னா பண்ணும்? அந்தப் பத்தர்ட்ட கொண்டுபோயி குடுத்து மூணு வாரம் ஆவுது."

"வெள்ளியக் கழட்டினா எடை எறங்குமா அண்ணி? கொஞ்சம் யோசிச்சிப் பேசுங்க."

தனக்கொடி பதில் சொல்லாமல் வேலி வழியாகப் போனாள். அவள் பதில் சொல்லாமல் போனால் ஏதோ சமைக்கப் போகிறாள் என்று அர்த்தம்.

கணவன் அருள்முருகன் கரும்பு வெட்டிலிருந்து வந்து எல்லாவற்றையும் கேட்டான். அக்காள் சொன்னதற்குத் தலையாட்டினான். மனைவி சொன்னதற்கும் தலையாட்டினான். ஒரே கழுத்தை வைத்துக்கொண்டு இரண்டு கட்சிக்கும் வேலை பார்க்கத் தெரிந்த மனிதன்.

செல்வகுமாரிக்குக் கோபம் வந்தது. ஆனால் அன்றைக்கு அந்தக் கோபம் தன் மேல்தான் இருந்தது. எங்கே தப்பு செய்தோம்? பால் போதவில்லையா? நடுவில் ஒரு கல்யாணத்துக்குப் போனோமே, அப்போது சரியாகக் கொடுக்கவில்லையா?

அவள் கண்மூடித்தனமாகப் பயப்படுகிறவள் இல்லை. எடை பார்ப்பதில் முதல் பாடம் டப்பாவின் எடையைக் கழிப்பது. தடுப்பூசி அன்றைக்குக் கூட்டம். நர்ஸ் அவசர அவசரமாகத் துணியோடு தூக்கித் தூளித் தராசில் தொங்கவிட்டாள். இன்றைக்கு ஸ்டெல்லா எல்லாவற்றையும் அவிழ்த்துவிட்டாள். அப்படியானால் பழைய கணக்கில் துணியும் சேர்ந்திருக்கிறது. அன்றைக்குப் போட்ட சட்டை, குல்லா, இடுப்புத் துணி மூன்றையும் பொறுக்கி எடுத்தாள். அன்றைக்கு இடுப்புத் துணி ஈரமாக இருந்தது ஞாபகம் வந்தது. அதையும் நனைத்துப் பிழிந்து, எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு மளிகைக் கடைக்குப் போனாள்.

"அண்ணே, இத எடை போட்டுச் சொல்லுங்க."

கடைக்கார வீரப்பன் பையை எட்டிப் பார்த்தார். "இன்னாமா இது?"

"புள்ளையோட மூத்திரத் துணி."

"நான் இதுல சக்கரை போடறம்மா!"

"பை போட்டுத்தான கேக்கறன்? பையோட எடையக் கழிச்சிக்கறன். போடுங்க."

நூற்று நாற்பது கிராம். கழித்துப் பார்த்தால் நாலு வாரத்தில் இருநூற்றிருபது. இந்த வயதில் ஐந்நூறு பக்கம் ஏற வேண்டும் என்று அட்டையில் போட்டிருக்கிற வளைகோடு சொன்னது. இன்னும் இருநூற்றைம்பது கிராமுக்கு மேல் காணவில்லை. திருடு போனது போல இருந்தது. திருடியவள் தானே என்பது போலவும் இருந்தது.

அன்று மாலை அவள் இரண்டாவது தப்பைச் செய்தாள். 'செல்லக்குட்டி அம்மாக்கள்' என்ற போன் குழுவில் கேள்வியைப் போட்டாள். நாற்பதாயிரம் பேர் உள்ள குழு. பத்து நிமிடத்தில் தொண்ணூறு பதில்.

'மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை அலாரம் வைத்துக் கொடுங்கள் சிஸ்.'

'அலாரமா? குழந்தை என்ன ரயிலா? கேட்கும்போதெல்லாம் கொடுங்கள்.'

'ஒரு பக்கம் மட்டும் கொடுங்கள். பின்னால் வரும் பாலில்தான் கொழுப்பு.'

'இரண்டு பக்கமும் மாற்றி மாற்றிக் கொடுங்கள்.'

'நீங்கள் கவலைப்படுவதால்தான் பால் வரவில்லை. கவலைப்படாதீர்கள்.'

கடைசிப் பதிலைப் படித்ததும் கவலை இரட்டிப்பானது. கவலைப்படுவதற்காகவும் இப்போது கவலைப்பட வேண்டியிருந்தது.

மறுநாள் தனக்கொடி வேலி வழியாக ஒரு சட்டியோடு வந்தாள். பனித்திட்டுக் கடற்கரையிலிருந்து சொல்லி வரவழைத்த பால்சுறா. புட்டாக உதிர்த்து, பூண்டை அள்ளிப் போட்டிருந்தாள். "தின்னு. ரெண்டு நாள்ல பாலு பீச்சும்."

நன்றாகத்தான் இருந்தது. செல்வகுமாரி தட்டைப் படம் எடுத்துக் குழுவில் போட்டுக் கேட்டாள். 'சுறாவில் பாதரசம்' என்றது ஒரு குரல். 'பூண்டு சாப்பிட்டால் குழந்தைக்கு வயிற்றுப் பொருமல்' என்றது இன்னொன்று. மூன்றாவது பெண் சிவப்பு வட்டத்தில் குறுக்குக் கோடு போட்ட படத்தை அனுப்பினாள். பாதிச் சாப்பாட்டில் கை நின்றது. தனக்கொடி அதைப் பார்த்துவிட்டாள்.

"இன்னாடி, என் கையால செஞ்சது வெசமா?"

"இல்ல அண்ணி, குரூப்புல..."

"குரூப்பா வந்து உனக்கு மீனு ஆஞ்சி குடுத்துது?"

அக்காள் கோபித்துக்கொண்டதால் அருள்முருகனும் சாப்பிடவில்லை. பிறகு இரண்டு பேருக்கும் தெரியாமல் சட்டியை அவனே காலி செய்தான். அந்த வாரம் அந்த வீட்டில் எடை ஏறிய ஒரே ஆள் அவன்தான்.

அலாரம் வைத்துப் பார்த்தாள். நல்ல தூக்கத்திலிருக்கும் தணிகையை எழுப்பினால் அவன் வாயை இறுக்கி மூடிக்கொண்டு அலறினான். ஒரு பக்கம் மட்டும் கொடுத்தாள். இன்னொரு பக்கம் கல்லாகக் கட்டிக்கொண்டு வலித்தது. மாற்றி மாற்றிக் கொடுத்தாள். எந்தப் பக்கம் எப்போது கொடுத்தோம் என்று மறந்துபோய்க் கையில் வளையலை இடம் மாற்றிப் போட்டாள். பிறகு வளையலை மாற்றினோமா என்பது மறந்துபோனது.

அப்போதுதான் தம்பி அரிகரன் வந்தான். தாய்மாமன். பிள்ளைக்கு முப்பதாம் நாள் தடி தடியாக அரைஞாண், காப்பு, தண்டை என்று வெள்ளியில் போட்டு ஊரையே திரும்பிப் பார்க்க வைத்தவன். கையில் போனைப் பிடித்தபடிதான் பைக்கிலிருந்து இறங்கினான்.

"அக்கா, ஒரு வீடியோ பாத்தன். பாட்டில் பால் குடுத்தாத்தான் எவ்ளோ உள்ள போச்சின்னு தெரியும். உன்னுதுல அளவு கோடா போட்டிருக்குது?"

"டேய், வாயக் கழுவு."

"இல்லக்கா, சயின்ஸ். வா, வில்லியனூர்ல ஒரு டாக்டர் இருக்காரு. கூட்டம் அள்ளுது."

கூட்டம் அள்ளியது உண்மைதான். இரண்டு மணி நேரம் காத்திருந்து இரண்டு நிமிடம் பார்த்தார். அட்டையை நீட்டினாள். "எம்பது கிராமா?" என்றார். அட்டையைப் பார்த்த கண் குழந்தையின் பக்கம் திரும்புவதற்குள் பேனா ஓடிவிட்டது. பவுடர் பால், ஒரு நாளைக்கு நாலு வேளை.

இந்த இடத்தில் பால் எப்படிச் சுரக்கிறது என்பதைச் சொல்லியாக வேண்டும். அது தெரியாமல்தான் செல்வகுமாரி மேலும் சிக்கினாள். அவள் கம்பெனியில் கடைசி பெல்ட்டில் பாக்கெட்டுகள் எடுக்கப்படாமல் நிறைந்தால் ஒரு கண்ணாடிக் கண் அதைப் பார்க்கும். பின்னால் இருக்கிற மெஷின் தானாக வேகத்தைக் குறைத்துவிடும். எடுக்க எடுக்கத்தான் ஓடும். மார்பும் அப்படித்தான். பிள்ளை குடித்துக் காலி செய்தால் இன்னும் வேண்டும் என்று உடம்புக்குச் செய்தி போகும். தேங்கி நின்றால் போதும் என்று செய்தி போகும்.

பவுடர் பால் குடித்த தணிகை வயிறு முட்டி நாலு மணி நேரம் தூங்கினான். அவளுடைய பால் அப்படியே தேங்கி நின்றது. ஐந்தாம் நாள் மார்பு லேசாகிவிட்டது. "பாத்தியா, பாலே இல்ல" என்றான் அரிகரன். பால் இல்லை என்று கொடுத்த மருந்துதான் பாலை நிறுத்திக்கொண்டிருந்தது.

கூடவே இன்னொன்று. தாய்ப்பாலில் தினமும் மஞ்சளாக இளகிப் போய்க்கொண்டிருந்தவன், நாலு நாளாக முக்கினான், சிவந்தான், ஒன்றும் நடக்கவில்லை. குழுவில் கேட்டாள். சோப்புத் துண்டு வை என்றார்கள் முப்பது பேர். வைக்காதே என்றார்கள் முப்பத்திரண்டு பேர்.

ஐந்தாம் நாள் காலையில் கொல்லைப் பக்கம் துணி உலர்த்திவிட்டு உள்ளே வந்தவள், தனக்கொடி மடியில் தணிகை மல்லாந்து கிடப்பதைப் பார்த்தாள். பக்கத்தில் மருந்து புகட்டுகிற பாலாடை. பாலாடையில் விளக்கெண்ணெய்.

"அண்ணி!"

அந்தக் குரல் வேலியைத் தாண்டி, தெருவைத் தாண்டி, கரும்புத் தோட்டம் வரைக்கும் போயிருக்கும். பாலாடை உருண்டது. தணிகை ஒரு நொடி திகைத்துப் பிறகு அலறினான். செல்வகுமாரி அவனைப் பிடுங்கி மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"இன்னாடி பிடுங்கற? நான் இன்னா வெளியாளா? மூணு பேர வளத்தவ!"

"வளத்தீங்க. இவன் நாலாவது இல்ல. இவனுக்கு எதானா ஆனா ராத்திரி பகலா நிக்கப்போறது நானு. நாளைக்குப் பேச்சு வாங்கப்போறதும் நானு. எல்லாருக்கும் வாயி இருக்குது, எனக்கு மட்டும் பொறுப்பா?"

சத்தம் கேட்டு வந்த அருள்முருகன் வழக்கப்படி தலையாட்டத் தொடங்கினான்.

"தலைய ஆட்டினீங்கன்னா உடைச்சிடுவன்" என்றாள். தலை நின்றது.

குழந்தையைத் துண்டில் சுற்றிக்கொண்டு, அருள்முருகனை வண்டியை எடுக்கச் சொல்லி, நேராக அரசு ஆஸ்பத்திரிக்குப் போனாள். பிறந்ததிலிருந்து தணிகையைப் பார்த்து வந்த குழந்தை டாக்டர் மகாலட்சுமி அங்கே இருந்தார். முதல் நாளே ஸ்டெல்லா சொன்ன இடம்.

செல்வகுமாரி மூச்சுவிடாமல் கொட்டினாள். எண்பது கிராம், கஞ்சி, சுறா, அலாரம், பவுடர், விளக்கெண்ணெய். கடைசியில் குரல் உடைந்தது. "ஒரு டாக்டர் பவுடர் குடுன்னு எழுதியிருக்காரு. நீங்க வேணான்னு சொல்லுவீங்க. நான் யார நம்பறது?"

டாக்டர் கோபப்படவும் இல்லை, சிரிக்கவும் இல்லை. "யாரையும் நம்ப வேணாம். சொல்றவங்க எதைப் பாத்துட்டு சொன்னாங்கன்னு மட்டும் கேளு. அவரு கையில இருந்தது ஒரு அட்டை. அந்த அட்டைக்கு அவரு சொன்னது தப்பில்ல. நான் குழந்தையப் பாக்கறேன். எல்லாத்தையும் அவுத்துப் படுக்க வை."

ஆறு ஐந்நூற்று எழுபது. இறக்கி, தராசைப் பூஜ்யமாக்கி, மறுபடி வைத்தார். அதே எண். அந்த இரண்டாவது முறைக்காகவே செல்வகுமாரிக்கு அவரைப் பிடித்துப்போனது.

"இப்ப பால் குடு. நான் பாக்கறேன்."

டாக்டர் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து பத்து நிமிடம் பார்த்தார். வாய் அகலமாகத் திறந்து பிடிக்கிறானா, தாடை அசைகிறதா, விழுங்கும் சத்தம் கேட்கிறதா, முடித்ததும் தானாக விடுகிறானா. பவுடர் கொடுப்பதற்கு முன்னால் ஒரு நாளைக்கு எத்தனை தடவை மூத்திரம் போனான் என்று கேட்டார்.

"ஏழு, எட்டு. துணி துவைக்கறது நான்தான."

"ஆறுக்கு மேல போனாலே உள்ள போறது போதும்னு அர்த்தம். கஞ்சி, தண்ணி, தேன், விளக்கெண்ணெய் எதுவும் ஆறு மாசம் வரைக்கும் வேணாம். தாய்ப்பால் மட்டும் குடிக்கிற பிள்ளை சில நாள் வெளிய போகாம இருந்தாலும், போறப்ப இளகிப் போனா தப்பில்ல. இப்ப இறுகினது பவுடராலயா இருக்கலாம். வயிறு மெத்துனு இருக்கு, வாந்தி இல்ல. கேட்டப்பல்லாம் முதல்ல தாய்ப்பால் குடு, பவுடர ஒவ்வொரு வேளையா கொறை. நீ மீன் தின்னு, பூண்டு தின்னு. சுறா மட்டும் தினமும் வேணாம், எப்பவாவது ஒரு நாள் பரவாயில்ல."

"அந்தப் பழைய எடை டாக்டர்?"

"அது வேற தராசு, வேற ஆளு. துணியோட பாத்தாங்களா?"

"ஈரத்துணியோட. நூத்தி நாப்பது கிராம், கழிச்சிட்டன். அப்பவும் எரநூத்தி அம்பதுக்கு மேல காணல."

டாக்டர் புருவத்தைத் தூக்கினார். "நீ கழிச்சியா? பரவாயில்லையே. சரி, அதோட வேற எதாவது..."

அந்த நேரம் பார்த்துத் தணிகை மேசையிலிருந்து வில்லாக ஒரு தாரை விட்டான். டாக்டரின் ரிப்போர்ட்டுகள் மேலேயே விழுந்தது.

"இன்னிக்கு மூணாவது" என்றாள் செல்வகுமாரி, பதறிக்கொண்டே.

"எனக்கு வேண்டியது கெடச்சிடுச்சு" என்று டாக்டர் காகிதங்களை உதறினார். கேட்க வந்த கேள்வி அதோடு போயிற்று. "ஒரு வாரம் கழிச்சு வா. இதே தராசு, இதே மாதிரி துணியில்லாம. அதுவரைக்கும் எடை போடாத. காய்ச்சல், பால் குடிக்க மறுக்கறது, துவண்டு கெடக்கறது, மூச்சு வாங்கறது, மூத்திரம் கொறையறது. இதுல ஒண்ணு இருந்தா யாரையும் கேக்காம உடனே வந்துடு. இது எதுவும் இல்லன்னா, ஊரே சொன்னாலும் நீ பாட்டுக்கு இரு."

வீட்டுக்கு வரும் வழியில் அவள் வண்டியை நிறுத்தச் சொல்லி நீளமான நோட்டு ஒன்று வாங்கினாள்.

மறுநாள் காலை அந்த நோட்டு கூடத்து மேசையில் கயிறு கட்டின பேனாவோடு கிடந்தது. கம்பெனியில் மெஷினில் யார் கை வைத்தாலும் இப்படி ஒரு நோட்டில் எழுதிவிட்டுத்தான் வைக்க வேண்டும். முதல் பக்கத்தில் நாலு கட்டம். என்ன சொல்கிறீர்கள். எதைப் பார்த்துச் சொல்கிறீர்கள். சொன்னபடி செய்து ஏதாவது ஆனால் குழந்தையை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போய் உடன் இருக்கப்போவது யார். கையெழுத்து.

"இன்னாக்கா இது, போலீஸ் ஸ்டேஷன் மாதிரி?" என்றான் அரிகரன்.

"எழுது. பாட்டில் பால் குடுக்கணும்னு சொன்ன இல்ல? எதப் பாத்துட்டு சொன்ன?"

"வீடியோ."

"அந்த வீடியோல தணிகை இருந்தானா?"

அரிகரன் பேனாவைக் கையில் எடுத்தான். மூன்றாவது கட்டத்தைப் படித்தான். பேனாவை வைத்தான். "நான் சும்மா ஒரு தகவலுக்குத்தான் சொன்னன்."

"தகவல உன் வூட்டுலயே வச்சிக்க."

எதிர்வீட்டுக்காரர் வாசலில் நின்றபடி "வசம்பு உரைச்சி..." என்று ஆரம்பித்தார். நோட்டை நீட்டியதும் மழை வரும் போலிருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார். குழுவில் அதே நாலு கேள்வியையும் போட்டாள். நாற்பதாயிரம் பேரில் ஒரு பெண் மட்டும் எழுதினாள்: 'சிஸ், நான் உங்கள் குழந்தையைப் பார்த்ததில்லை. டாக்டரைக் கேளுங்கள்.' அந்த ஒரு பதிலுக்கு நன்றி சொல்லிவிட்டுக் குழுவிலிருந்து வெளியேறினாள். அலாரத்தையும் அழித்தாள். வீடு திடீரென்று பெரிதானது போல இருந்தது.

தனக்கொடி மட்டும்தான் பயப்படவில்லை. மூன்று நாள் முகம் திருப்பியிருந்துவிட்டு, நாலாம் நாள் வேலி வழியாக வந்து நோட்டைத் தன் பக்கம் இழுத்தாள்.

"நான் கையெழுத்து போடமாட்டன்னு நெனச்சியா?"

கஞ்சி பற்றி எழுதவில்லை. விளக்கெண்ணெய் பற்றியும் எழுதவில்லை. மெதுவாக, எழுத்துக் கூட்டி எழுதினாள். என்ன சொல்கிறீர்கள்: அரைஞாண், காப்பு, தண்டை கழட்டினதால் பிள்ளைக்கு எடை இறங்கிவிட்டது. எதைப் பார்த்து: என் ரெண்டு கண்ணால் பார்த்தேன், நான்தான் கழட்டினேன். யார் உடன் இருப்பார்: நான் இருப்பேன். கீழே, தனக்கொடி, என்று கோணலாக ஒரு கையெழுத்து.

உடன் இருப்பேன் என்று எழுதியதைச் செல்வகுமாரி இரண்டு தடவை படித்தாள். பிறகு சிவப்புப் பேனாவை எடுத்து, அரைஞாண் வரிக்குப் பக்கத்தில் 'மூடநம்பிக்கை' என்று எழுதி இரண்டு கோடு போட்டாள்.

"போடு, போடு. என் வாய்க்குக் கோடு போட முடியாது" என்றாள் தனக்கொடி.

ஒரு வாரம் முடிந்தது. தணிகை பவுடரை விட்டிருந்தான். ஆறாம் நாள் ஒரு பெரிய கச்சேரியே நடத்தி வயிற்றைக் காலி செய்தான். துணியை முகர்ந்துவிட்டு அருள்முருகன், வாழ்க்கையில் முதல் முறையாக யாரையும் கேட்காமல், "நல்லாருக்கான்" என்று சொந்தமாக ஒரு கருத்துச் சொன்னான்.

அதே தராசு. ஆறு அறுநூற்று எண்பது. நூற்றுப்பத்து கிராம், அதுவும் தாய்ப்பாலிலேயே. டாக்டர் மகாலட்சுமி அட்டையில் புள்ளி வைத்து, முந்தின புள்ளியோடு சேர்த்தார். கோடு வளைகோட்டோடு ஒட்டி ஏறியது.

"அப்ப அந்த மாசம் மட்டும் ஏன் டாக்டர்? நான் எதுல கோட்டை விட்டன்?"

"தெரியல. தெரியாமலே போகலாம். பிள்ளை நல்லா இருக்கு. பழசத் தோண்டாத."

தோண்டாமல் இருக்கத்தான் பார்த்தாள். வீட்டுக்கு வந்தால் விடவில்லை.

"சுறா வேலை செஞ்சிது பாத்தியா" என்றாள் தனக்கொடி.

"சுறாவ உங்க தம்பிதான் தின்னாரு" என்றாள் செல்வகுமாரி.

"பவுடர்தான்க்கா. அந்த சத்து உள்ள நிக்கும்" என்றான் அரிகரன்.

"எல்லாம் முடிஞ்சப்பறம் பங்கு கேக்க வந்துட்டீங்களா?" கோபம் தலைக்கு ஏறியது. "எம்பது கிராம்னு சொன்னதும் என் பால தண்ணின்னீங்க. ஒருத்தர் பாட்டில், ஒருத்தர் கஞ்சி, ஒருத்தர் எண்ணெ. மூணு வாரம் நான் தூங்கல. கண்ணாடியில என் மூஞ்சியப் பாத்தா நானே என்னத் திட்டிக்கிட்டன். அந்த மாசம் எடை கொறைஞ்சது எதனாலன்னு இங்க ஒருத்தருக்குத் தெரியுமா? தெரிஞ்சா இந்த நோட்டுல எழுதுங்க. இல்லன்னா எல்லாரும் வாய மூடுங்க!"

"நான்தான் எழுதிட்டனே" என்றாள் தனக்கொடி.

"அது மூடநம்பிக்கை!"

அப்போது வாசலில் சைக்கிள் மணி அடித்தது. செல்லக்கண்ணு பத்தர், கக்கத்தில் தோல் பையோடு நின்றார். கூச்சலைக் கேட்டுத் தயங்கி, செருப்பைக் கழற்றி உள்ளே வந்து, மேசையில் அந்த நோட்டின் மேலேயே ஒரு சிவப்புத் தாளைப் பிரித்தார். தடி அரைஞாண், இரண்டு காப்பு, இரண்டு தண்டை. வெள்ளி பளபளத்தது.

"லேட்டாயிடுச்சி, கோச்சிக்காதீங்க. தடுப்பூசி போட்ட மறு வாரம் உங்க நாத்தனார் கொண்டாந்தாங்க, கண்ணி சேக்கச் சொல்லி."

"எடை சரியா இருக்குதா பாத்துக்கங்க பத்தரே" என்றாள் தனக்கொடி. "பேசிப் பேசி இந்த வூட்ல எடைன்னாலே சண்ட."

பத்தர் சட்டைப் பையிலிருந்து தன் பழைய சீட்டை எடுத்துக் கண்ணுக்குக் கிட்டே பிடித்தார்.

"நீங்க குடுத்தப்போ மொத்தம் எரநூத்தி அறுவது கிராம்மா. போட்டதுலருந்து கழட்டாத சாமானாச்சே, பய கிடுகிடுன்னு பெருத்து இடுப்பு இறுக்குதுன்னுதான கழட்டினீங்க?"